பருவத் தொடக்கத் தேர்வு: விடையோடு காரணத்தையும் கேட்டபின்

கரைசல் பாடத்துக்கு முன் “கரைபொருள் என்றால் என்ன?” என்று கேட்டால் பாதி வகுப்பு மனப்பாடமாக எழுதிவிடும். புரிதலில் உள்ள இடைவெளி தெரியாது. அதனால் வரையறைக் கேள்விகளை எடுத்துவிட்டு, இப்படிக் கேட்கிறேன்:

100 கிராம் நீரில் 20 கிராம் சர்க்கரை முழுதும் கரைந்தது. கரைசலின் நிறை எவ்வளவு? 100 கிராம், 100-க்கும் 120-க்கும் இடையில், 120 கிராம். ஏன்?

ஒவ்வொரு தவறான விடைக்கும் பின்னால் ஒரு குறிப்பிட்ட எண்ணம் இருக்க வேண்டும். 100 என்பவருக்குக் கண்ணில் படாதது இல்லாமல் போனது. இடைப்பட்டதைத் தேர்ந்தவர் பெரும்பாலும் நிறையையும் கன அளவையும் குழப்புகிறார். இவருக்குத் தராசும் அளவு உருளையும் அருகருகே வேண்டும். முதலாமவருக்குத் தராசு மட்டும் போதும்: கரைப்பதற்கு முன் குவளை, நீர், சர்க்கரை, கலக்கி எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை, கரைத்தபின் அதே பொருள்களை மறுபடி. கலக்கியை மறந்தால் அதில் ஒட்டிய துளிகளால் நிறை குறைந்து, தவறான எண்ணமே உறுதிப்படும்.

120 என்று எழுதி, “சர்க்கரை நீராக மாறிவிட்டது” என்று காரணம் சொல்பவரைத்தான் சாதாரணத் தேர்வு தவறவிடும். காரண வரியைப் படிக்காமல் திருத்தினால் அவர் தேறியவர் கணக்கில் போய்விடுவார். மதிப்பெண் போடுவதில்லை, போட்டால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள்.