மார்ச் ப்ராவிஷன், ஏப்ரல் ரிவர்சல்: செலவு இரண்டு தடவை ஏறாமல் இருக்க

ஏப்ரல் பிறந்தால் தம்பு செட்டித் தெருவிலிருந்து மணலி வரை கணக்கு எழுதும் புதுப் பிள்ளைகளின் கையில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. தொகையில் ஒரு பூஜ்யம் கூடுவது, தேதி தவறுவது எல்லாம் பார்த்த உடனே பிடிபடும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பில் வராத செலவுக்கு மார்ச் 31-ல் உத்தேசமாகப் போட்ட ப்ராவிஷனைப் புது வருஷத்தில் எப்படிக் கழிப்பது என்பதில் நடக்கும் கோளாறு அப்படியல்ல. டெபிட்டும் கிரெடிட்டும் சரியாக இருக்கும், ட்ரயல் பேலன்ஸ் ஒட்டும், லாபம் மட்டும் தப்பாக இருக்கும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு அதையே கடைசி வரை பார்ப்போம். மணலியில் இரும்புச் சுருள் வைக்கும் கிடங்கு. ஏற்றி இறக்கும் வேலையைத் தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒரு கூட்டு நிறுவனம் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறது. டன்னுக்கு 240 ரூபாய். மார்ச் 16 முதல் 31 வரை 950 டன் ஏறி இறங்கியிருக்கிறது. பில் எப்படியும் சித்திரை பிறந்த பிறகுதான் வரும். வேலை மார்ச்சிலேயே முடிந்துவிட்டதால் செலவும் மார்ச்சுக்கே சேர வேண்டும். அதனால் மார்ச் 31 தேதியில் ஒரு ஜர்னல்:

லோடிங் கூலி: டெபிட் 2,28,000
செலவு ப்ராவிஷன்: கிரெடிட் 2,28,000

ஏப்ரல் 1 அன்று இதையே தலைகீழாகப் போடுகிறோம். ப்ராவிஷன் டெபிட், லோடிங் கூலி கிரெடிட், அதே 2,28,000. ஏப்ரல் 16-ல் பில் வருகிறது. இரவு ஷிப்டுக்கு 8,000 சேர்த்து 2,36,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 42,480. ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டுக்குப் போகிறது. 2,36,000 முழுவதும் லோடிங் கூலியில் டெபிட் ஆகிறது. ஏற்கெனவே அங்கே 2,28,000 கிரெடிட் நிற்பதால் புது வருஷத்துக்கு மிஞ்சுவது 8,000 மட்டும். நம் மதிப்பீட்டுக்கும் பில்லுக்கும் உள்ள வித்தியாசம் அது. இந்த வருஷச் செலவாகவே இருக்கலாம், போன வருஷத்தைத் திறக்க வேண்டாம்.

ரிவர்சலையே போடாமல் விட்டால் இந்த 2,36,000-மும் புது வருஷச் செலவாக ஏறிவிடும். ஒரே கூலி மார்ச்சில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை. கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்துத் தீர்ந்த பிறகும் ப்ராவிஷன் லெட்ஜரில் 2,28,000 யாருக்கோ கொடுக்க வேண்டியதுபோல் உட்கார்ந்திருக்கும்.

ஒரே ஆபீஸில் இரண்டு வழி

எத்தனை சொன்னாலும் ஓயாத தவறு இது.

ப்ராவிஷனைக் கழிக்க முறையான வழி இரண்டு உண்டு. ஒன்று, மேலே சொன்ன ரிவர்சல். இன்னொன்று, ரிவர்சலே போடாமல், பில் வரும்போது 2,28,000-ஐ ப்ராவிஷனில் டெபிட் செய்து, மீதி 8,000-ஐ மட்டும் செலவில் டெபிட் செய்வது. இரண்டும் சரி. இரண்டையும் ஒரே பில்லுக்குச் செய்தால்தான் வினை.

நடக்கும் விதம் இதுதான். சீனியர் அக்கவுண்டன்ட் ஏப்ரல் 1 தேதியில் ரிவர்சலைப் போட்டு வைத்துவிடுகிறார். பில் போடுவது வேறு ஆள், பெரும்பாலும் புதிதாக வந்த பையனோ பெண்ணோ. பில் மார்ச் வேலைக்கானது என்று தெரிந்ததும் பக்கத்து சீட்டில் கேட்கிறார்கள். "அதுக்கு மார்ச்சுல ப்ராவிஷன் போட்டாச்சு தம்பி, அதுலயே அடிச்சிடு" என்று பதில் வருகிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ப்ராவிஷன் ஏப்ரல் 1-லேயே பூஜ்யமாகிவிட்டது. இப்போது இன்னொரு 2,28,000 டெபிட் விழுந்து, ப்ராவிஷன் லெட்ஜர் டெபிட் பேலன்ஸில் நிற்கிறது. லோடிங் கூலியிலோ ரிவர்சலின் 2,28,000 கிரெடிட்டுக்கு எதிராக வெறும் 8,000 டெபிட். செலவு மைனஸ் 2,20,000. இரண்டு தடவை ஏறக் கூடாது என்று தொடங்கிய வேலை, இரண்டு தடவை கழிந்து முடிகிறது. இந்த வருஷ லாபம் 2,28,000 கூடுதலாகத் தெரியும், அதற்கு அட்வான்ஸ் டாக்ஸும் கட்டுவார்கள்.

இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் வாரத்தில் யாரோ லோடிங் கூலி லெட்ஜரைத் திறக்கிறார்கள். பில் இன்னும் வரவில்லை, 2,28,000 கிரெடிட் நிற்கிறது. செலவுக் கணக்கில் கிரெடிட் எப்படி வரும் என்று பதறி, தப்பான என்ட்ரி என்று ரிவர்சலை அழித்துவிடுகிறார்கள். பிறகு பில் வந்து முழுத்தொகைக்குச் செலவில் ஏறுகிறது. அழித்தவருக்கு அது நினைவிலும் இருக்காது. பில் வரும் வரை அந்தக் கிரெடிட் நிற்பதுதான் முறை, வரப்போகும் பில்லுக்காகக் காத்திருக்கிறது. நரேஷனில் "31-3 ப்ராவிஷன் ரிவர்சல், மார்ச் 16-31 லோடிங் பில் வரும்போது சரியாகும், அழிக்க வேண்டாம்" என்று ஒரு வரி எழுதினால் போதும். "ரிவர்ஸ்டு" என்று ஒற்றைச் சொல்லில் நரேஷன் எழுதுபவர்களிடம்தான் இந்த விபத்து நடக்கிறது.

ரிவர்சல் முறையின் லாபமே, பில் போடுபவருக்கு ப்ராவிஷனைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை என்பதுதான். எல்லா பில்லையும் போல இதையும் செலவில் போட்டுவிட்டுப் போகலாம். அவரிடம் ப்ராவிஷனைப் பற்றிப் பேசியதுமே அந்த லாபம் போய்விடுகிறது. அதனால் எந்த வழி என்பதை ஆபீஸ் முழுக்க ஒன்றாக முடிவு செய்துவிட வேண்டும். ரிவர்சல் என்றால், பில் போடும்போது ப்ராவிஷன் லெட்ஜரை யாரும் தொடக் கூடாது.

கண்டுபிடிப்பது சுலபம். ரிவர்சல் முறையில், ஏப்ரல் 1 முடியும்போது செலவு ப்ராவிஷன் லெட்ஜர் பூஜ்யமாக இருக்க வேண்டும். கிரெடிட் நின்றால் ஏதோ ஒன்று ரிவர்ஸ் ஆகவில்லை, அல்லது ஆனதை யாரோ அழித்திருக்கிறார்கள். பின்னால் டெபிட் பேலன்ஸ் காட்டினால் ரிவர்சலும் ஆகி பில்லும் அதில் அடிபட்டிருக்கிறது. ஏப்ரல் முழுக்க வாரம் ஒரு தடவை இந்த ஒரு லெட்ஜரைத் திறந்து பாருங்கள். ஆடிட்டர் அடுத்த வருஷம் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். இதற்காகவே பல கான்ட்ராக்டர்களின் ப்ராவிஷனை ஒரே மொத்த ஜர்னலாகப் போடாமல் ஆளுக்கு ஒன்றாகப் போடுவது நல்லது. மொத்தமாகப் போட்டால் எது நிற்கிறது என்று பிரித்தெடுக்க அரை நாள் போகும்.

டிடிஎஸ்ஸையும் சேர்த்து ரிவர்ஸ் செய்வது

யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், சஸ்பென்ஸ் என்றோ ப்ராவிஷன் என்றோ எந்தப் பெயரில் கிரெடிட் செய்தாலும் கான்ட்ராக்டர் டிடிஎஸ்ஸுக்கு அது பார்ட்டிக்குக் கிரெடிட் செய்ததாகவே கொள்ளப்படும். அதனால் மார்ச் 31-லேயே டிடிஎஸ் பிடிக்க வேண்டும். மார்ச்சில் பிடித்ததை ஏப்ரல் 30-க்குள் கட்ட வேண்டும். நம் கணக்கில் கூட்டு நிறுவனம் என்பதால் 2 சதவீதம், 4,560 ரூபாய்.

இதை ப்ராவிஷன் ஜர்னலுக்குள்ளேயே வைத்தால், ரிவர்சலில் டிடிஎஸ் பாக்கியும் மறைந்துபோகும். ஏப்ரல் 30-ல் கட்ட வேண்டிய தொகை புத்தகத்தில் இருக்காது. பில் வந்ததும் 2,36,000 முழுவதற்கும் மறுபடி பிடிப்பார்கள், கான்ட்ராக்டர் சண்டைக்கு வருவார். டிடிஎஸ்ஸைத் தனி வவுச்சராகப் போடுங்கள்: கான்ட்ராக்டர் லெட்ஜர் டெபிட் 4,560, டிடிஎஸ் பாக்கி கிரெடிட் 4,560. ஏப்ரல் 1-ல் முதல் வவுச்சரை மட்டும் ரிவர்ஸ் செய்யுங்கள், இரண்டாவதைத் தொடாதீர்கள். பில் வந்ததும் கூடுதலான 8,000-க்கு மட்டும் 160 ரூபாய் பிடித்தால் சரி. 2,78,480 பில்லில் இரண்டு டிடிஎஸ்ஸும் போகக் கான்ட்ராக்டர் கைக்குப் போவது 2,73,760.

டாலியில் இருக்கும் `Reversing Journal`

பெயரைப் பார்த்து இதில் ப்ராவிஷன் போடுபவர்கள் ஏராளம். டாலியில் இந்த வவுச்சர் வகை, உத்தேசக் கணக்கைச் சேர்த்துப் பார்க்கும் சினாரியோ ரிப்போர்ட்டுக்காக இருப்பது. குறிப்பிட்ட தேதி வரை, சினாரியோவைச் சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் கணக்கில் தெரியும். உண்மையான புத்தகத்தில் ஏறாது. இதில் போட்டால் மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் ப்ராவிஷனே இருக்காது, மார்ச் கூலி ஏப்ரலுக்குத் தள்ளிப்போகும். மாதாந்தர உத்தேச ரிப்போர்ட்டுக்கு அது நல்ல கருவி. வருஷக் கடைசிக்கு சாதாரண ஜர்னல் இரண்டு, மார்ச் 31-ல் ஒன்று, ஏப்ரல் 1-ல் ஒன்று.

பில் தேதியைப் பார்த்து மார்ச்சில் போடுவது

கான்ட்ராக்டர் 31-3 என்று தேதியிட்டுக் கொடுப்பார். ப்ராவிஷனும் இருக்க, பில்லையும் மார்ச்சில் போட்டால் இரட்டைச் செலவு போன வருஷத்தில் விழும். ஏப்ரல் ரிவர்சல் ஜோடியில்லாமல் நிற்கும். பில் எண், பில் தேதி பில்லில் உள்ளபடியே இருக்கட்டும், வவுச்சர் தேதி ஏப்ரல். மார்ச் புத்தகம் இன்னும் மூடவில்லை, பில்லை மார்ச்சிலேயே போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ப்ராவிஷன், ரிவர்சல் இரண்டையும் எடுத்துவிடுங்கள், மார்ச்சுக்குப் பிடித்த டிடிஎஸ்ஸை மட்டும் பில்லோடு பொருத்துங்கள்.

ஜிஎஸ்டி சேர்த்து ப்ராவிஷன்

இன்புட் கிரெடிட் கிடைக்கும் செலவுக்கு வரி இல்லாத தொகைக்கு மட்டும் ப்ராவிஷன்.

கிராஜுவிட்டி, வாராக்கடன் ப்ராவிஷன்

ஏப்ரல் 1-ல் தொடாதீர்கள். அவை பில் வந்து தீரும் சமாசாரம் இல்லை.

பில் வரவே இல்லை என்றால்

ரிவர்சலுக்கு இருக்கும் ஒரே பலவீனம் இது. ஏப்ரல் 1-க்குப் பிறகு அந்தக் கடன் புத்தகத்தில் எங்கும் இல்லை, நினைவூட்ட லெட்ஜரில் பாக்கியும் இல்லை. ஜூன் 30-க்குக் காலாண்டுக் கணக்கு எடுக்கும்போதும் தண்டையார்பேட்டை பில் வரவில்லை என்றால், லோடிங் கூலி 2,28,000 குறைவாகக் காட்டி, அந்தக் காலாண்டு லாபம் பொய்யாக வீங்கியிருக்கும். அப்போது ஜூன் 30 தேதியில் அதே 2,28,000-க்கு மறுபடி ப்ராவிஷன், ஜூலை 1-ல் மறுபடி ரிவர்சல். டிடிஎஸ் மார்ச்சிலேயே பிடித்தாகிவிட்டதால் இந்தத் தடவை பிடிக்கக் கூடாது. மார்ச் ப்ராவிஷன்களை ஒரு தாளில் பட்டியல் போட்டு, பில் வர வர ஒவ்வொன்றாக டிக் அடித்து வைத்திருப்பவர்களுக்கு எது மிச்சம் என்று தெரியும். மற்றவர்கள் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும், அதற்கு அவர் சொல்லும் பதில் "பில்லு அனுப்பிட்டேனே சார்" என்பதாகவே இருக்கும்.