மூணரை ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம், எவ்ளோ காசு? கணக்கு போடலாம் வாங்க

நான் இருக்கறது பெங்களூர் கே.ஆர்.புரம், நெலம் கிருஷ்ணகிரி பக்கம். ஒவ்வொரு போகத்துக்கும் அப்பா போன் பண்ணி "எத்தனை மூட்டை சொல்லட்டும்"னு கேப்பாரு, நான் இங்கருந்து கணக்கு போட்டு சொல்லுவேன். ரெண்டு தடவ தப்பா சொல்லி திட்டு வாங்கிருக்கேன், அதான் இத எழுதறேன்.

மொதல்ல சிபாரிசு சீட்டை நல்லா பாருங்க. அதுல "யூரியா 110 கிலோ"ன்னு இருந்தா அப்படியே எடுத்துக்கலாம். "தழைச்சத்து 50 கிலோ"ன்னு இருந்தா அது யூரியா எடை இல்ல, யூரியால 46 சதவீதம்தான் தழைச்சத்து, அதனால 50-ஐ 0.46-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 109 கிலோ யூரியா வரும் (டிஏபி-யும் போட்டா அதுலயே 18 சதவீதம் தழைச்சத்து இருக்கு, அத மொதல்ல கழிச்சுடுங்க). ஹெக்டேர் கணக்கா இருந்தா 2.47-ஆல வகுங்க.

எங்க சீட்டுல ஏக்கருக்கு யூரியா 110, டிஏபி 45, பொட்டாஷ் 35 கிலோ. நெலம் 3.5 ஏக்கர். மூணையும் 3.5-ஆல பெருக்குனா 385, 157.5, 122.5 கிலோ.

இப்ப மூட்டை எடையால வகுக்கணும், நான் மொத தடவ சறுக்குனது இங்கதான். டிஏபி, பொட்டாஷ் மூட்டை 50 கிலோ, ஆனா யூரியா மூட்டை 2018-லருந்து 45 கிலோதான். பழைய நெனப்புல 385-ஐ 50-ஆல வகுத்து 8 மூட்டைன்னு சொல்லிட்டேன், வந்தது 360 கிலோ, கடைசி மேலுரத்துக்கு 25 கிலோ பத்தல. 45-ஆல வகுத்தா 8.56, அதாவது 9 மூட்டை.

அடுத்த தடவ வேற தப்பு. ஒரு ஏக்கருக்கு 2.44 மூட்டை, சரி 3-ன்னு வச்சுட்டு அத 3.5-ஆல பெருக்குனேன், 10.5 வந்துது, 11 மூட்டை வாங்கிட்டோம், ரெண்டு மூட்டை மிச்சம், ஈரம் பட்டு கட்டியாயிடுச்சு. அதனால மொத்த கிலோவ வகுத்த பெறகு கடைசில ஒரே ஒரு தடவ மட்டும் முழு மூட்டையாக்குங்க.

பொட்டாஷ் 2.45, அது 3 மூட்டை. டிஏபி 3.15 வருது, நான் 4-ன்னேன், அப்பா "ஏழரை கிலோவுக்கு ஒரு மூட்டையாடா?"ன்னாரு. கரெக்ட்தான், ஏக்கருக்கு ரெண்டு கிலோ சொச்சம்தான் கொறையுது, 3 மூட்டையே வாங்குனோம். பாதி மூட்டை பக்கமா வந்தா மட்டும் மேல ஏத்துங்க, இல்ல பக்கத்து காட்டுக்காரரோட பங்கு போட்டுக்கங்க.

காசு: யூரியா 9 × 266.50 = 2398.50. டிஏபி 3 × 1350 = 4050. பொட்டாஷ் எங்க கடைல 1700, 3 × 1700 = 5100. மொத்தம் 11,548.50 ரூபா. வெல மாறும், மூட்டை மேல அச்சடிச்சிருக்கறத பாத்து போடுங்க. ஏத்துக்கூலி மூட்டைக்கு 20 ரூபான்னா 15 மூட்டைக்கு 300, டெம்போ வாடகை தனி.