உருகினால் அது உருமாறிய பாறை இல்லை: பாறைச் சுழற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாறைச் சுழற்சியை விளக்கச் சொன்னால் பல விடைத்தாள்களில் இந்த மூன்று வரிகள்தான் வரும். தீப்பாறை உடைந்து படிவுப் பாறை ஆகிறது. படிவுப் பாறை வெப்பத்தால் உருகி உருமாறிய பாறை ஆகிறது. உருமாறிய பாறை மறுபடி உருகித் தீப்பாறை ஆகிறது. படிக்கச் சீராகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வரியில் பாதி விஷயம் விடுபட்டிருக்கிறது, இரண்டாவது வரி தவறு. மூன்றையும் சேர்த்துப் படித்தால் பாறைகள் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக மாறுவது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. இரண்டாவது வரியின் தவறுதான் பெரியது, அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

"உருகி" என்ற சொல்

உருமாற்றம் நடக்கும்போது பாறை உருகுவதில்லை. தொடக்கம் முதல் கடைசி வரை அது திடப்பொருளாகவே இருக்கிறது. உருகிவிட்டால் அது பாறைக்குழம்பு, அதாவது மாக்மா. மாக்மா குளிர்ந்து இறுகினால் கிடைப்பது தீப்பாறை. ஆகவே "உருகி" என்று எழுதிய இடத்தில் விடை வேறொரு பாறை வகைக்குப் போய்விடுகிறது.

சரி, உருகாமல் ஒரு கல் எப்படி வேறு கல்லாக முடியும்? கடலடியில் படிந்த சேற்றை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். சேற்றின் மேல் புதிய படிவுகள் சேரச் சேர அது அமுங்குகிறது. சில கிலோமீட்டர் ஆழம் போவதற்குள் நீர் பிழிந்து வெளியேறி, சேறு ஷேல் எனப்படும் களிப்பாறை ஆகிவிடும். இது படிவுப் பாறை. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பநிலை சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. பத்து கிலோமீட்டர் ஆழத்தில் சுமார் 300 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். களிப்பாறை உருக இந்தச் சூடு போதவே போதாது. ஆனால் களிமண் கனிமங்களுக்கு இது தாங்காத சூடு. அவற்றில் இருக்கும் அணுக்கள் இடம் மாறி, மைக்கா போன்ற புதிய கனிமங்களாக அடுக்கிக்கொள்கின்றன. நீரின் ஒரு பகுதி வெளியேறுகிறது. கல் திடமாகவே இருக்க, அதன் உள்கட்டமைப்பு மட்டும் மாறுகிறது.

இதே நேரத்தில் இரண்டு நிலத்தட்டுகள் மோதிக்கொண்டிருந்தால் பாறையின் ஒரு திசையில் அழுத்தம் அதிகமாக இருக்கும். மெல்லிய தகடுகளான மைக்கா அந்த அழுத்தத்துக்குக் குறுக்கே படுத்து ஒரே திசையில் வளர்கிறது. அப்படி உருவாவதுதான் ஸ்லேட். அது தட்டுத்தட்டாகப் பிளப்பதற்குக் காரணம் இந்த மைக்கா வரிசைதான். சேறு படிந்த பழைய அடுக்குகளுக்கும் இந்தப் பிளவுக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். சில ஸ்லேட் துண்டுகளைச் சாய்த்துப் பார்த்தால், பிளந்த பரப்பின் குறுக்கே மங்கலான நிறப்பட்டைகள் சாய்வாக ஓடுவது தெரியும். அந்தப் பட்டைகள்தான் பழைய சேற்று அடுக்குகள். ஒரே கல்லில் இரண்டு காலங்களின் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன.

பாறை உருகவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்றும் உண்டு. வேல்ஸ் நாட்டின் ஸ்லேட் பாறைகளில் டிரைலோபைட் என்ற பழைய கடல் உயிரியின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. சில ஒரு பக்கமாக இழுபட்டு நீண்டிருக்கும், சில நசுங்கி அகன்றிருக்கும். ஆனாலும் உடல் வளையங்களை எண்ணிவிடலாம். பாறை ஒருமுறை உருகியிருந்தால் அந்த உருவத்தின் சுவடே மிஞ்சியிருக்காது.

ஸ்லேட் இன்னும் ஆழத்துக்கும் சூட்டுக்கும் போனால் மைக்கா தகடுகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்து மினுமினுக்கும். இது சிஸ்ட். சில சிஸ்ட் பாறைகளில் கார்னெட் என்ற சிவந்த மணிகளும் பதிந்திருக்கும். 600 டிகிரியைத் தாண்டும் வாக்கில் வெளிர் கனிமங்களும் கரு கனிமங்களும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நைஸ் ஆகிறது. இவ்வளவு தூரம் வந்த பிறகும் அது திடப்பாறைதான். நீர் இருக்கும் இடத்தில் 650 முதல் 700 டிகிரி அளவில்தான் அதன் ஒரு பகுதி உருகத் தொடங்கும். அதுவும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த வெளிர்ப் பகுதிதான் முதலில் உருகும். அந்தக் குழம்பு பிரிந்து மேலேறி, ஆழத்திலேயே மெதுவாகக் குளிர்ந்தால் கிரானைட். சில பாறைகள் பாதி உருகிய நிலையிலேயே இறுகிவிடுகின்றன. மிக்மடைட் எனப்படும் அவற்றில் நைஸ் பட்டைகளுக்கு நடுவே கிரானைட் நரம்புகள் நெளிந்து கிடக்கும். உருமாற்றம் முடிந்து உருகல் தொடங்கும் எல்லை அந்தக் கல்லிலேயே தெரியும்.

இரண்டாவது வரியில் திருத்த வேண்டியது ஒரே ஒரு இடம்தான். "வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலேயே கனிமங்களும் அமைப்பும் மாறி" என்று எழுதினால் போதும்.

கீழே குழம்புக் கடல் இல்லை

இந்தத் தவறுக்குப் பின்னால் இன்னொரு தவறு ஒளிந்திருக்கிறது. மேலோட்டுக்குக் கீழே எங்கும் மாக்மா கொதித்துக்கொண்டிருக்கிறது, பாறை அதில் விழுந்து உருகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். புத்தகப் படங்களில் மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசம் என்ற அடுக்குக்குச் சிவப்பு வண்ணம் தீட்டுவதும் இந்த எண்ணத்தை வளர்க்கிறது. உண்மையில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை நீளும் கவசம் ஏறத்தாழ முழுவதும் திடப்பாறை. நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்தின் வழியே போகாது. கவசத்தின் வழியே அவை போகின்றன.

அப்படியானால் மாக்மா எங்கிருந்து வருகிறது? சூடு கூடினால் உருகும் என்பது ஒரு வழி மட்டும். இன்னும் இரண்டு வழிகள் உண்டு. கடலடி மலைத்தொடர்களுக்குக் கீழே சூடான கவசப் பாறை மெல்ல மேலேறுகிறது. மேலே வர வர அதன் மீதிருந்த அழுத்தம் குறைகிறது. சூடு கூடாமலேயே அதில் ஒரு சிறு பகுதி உருகிவிடுகிறது. அது இறுகினால் கடல் தரையின் பசால்ட். இன்னொரு வழி நீர். ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே நுழையும்போது கடல்நீரில் ஊறிய கனிமங்களையும் உள்ளே இழுத்துச் செல்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் மேலே உள்ள கவசப் பாறைக்குள் கசிந்து, அதன் உருகுநிலையைக் குறைக்கிறது. பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள எரிமலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

உடைந்தால் மட்டும் போதாது

இனி முதல் வரி. தீப்பாறை உடைந்தால் கிடைப்பது சரளையும் மணலும் சேறும்தான், பாறை இல்லை. துகள்கள் நகர்ந்து, ஓரிடத்தில் படிந்து, அமுங்கி, ஒட்ட வேண்டும். கடைசி வேலையைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். மணலை என்னதான் அழுத்தினாலும் அது சுலபமாகக் கல் ஆகாது. இடுக்குகளில் ஊடுருவும் நீரிலிருந்து கால்சைட், சிலிகா, இரும்பு ஆக்சைடு போன்றவை படிந்து பசையாகப் பிடித்துக்கொண்டால்தான் மணற்கல். சிவந்த மணற்கல்லுக்கு நிறம் தருவதும் பெரும்பாலும் அந்த இரும்பு ஆக்சைடுதான்.

அம்புகள் ஒரே திசையில் போவதில்லை

மூன்று வகைகளையும் ஒரு வட்டத்தில் எழுதி ஒரே திசையில் மூன்று அம்புகள் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தின்படி கிரானைட் முதலில் படிவுப் பாறை ஆனால்தான் உருமாற முடியும். ஆனால் கிரானைட் உடையாமல் அப்படியே ஆழத்தில் அழுந்தி நைஸ் ஆகிறது. சிஸ்ட் மலையுச்சிக்கு உயர்ந்து வந்தால் உருகாமலேயே சிதைந்து சேறாகி, மறுபடி படிவுப் பாறை ஆகிறது. மணற்கல் உடைந்து அந்த மணலே வேறோர் இடத்தில் இன்னொரு மணற்கல்லாகவும் ஆகலாம். ஸ்லேட் கூடுதல் சூட்டில் சிஸ்ட் ஆவதை மேலே பார்த்தோம், அது உருமாறிய பாறையிலிருந்து இன்னோர் உருமாறிய பாறை. எனவே படம் வரையும்போது ஒவ்வொரு வகையிலிருந்தும் மற்ற இரண்டுக்கும் ஓர் அம்பு, தன்னிடமே திரும்பும் ஓர் அம்பு என்று போடுங்கள். அம்பின் மேல் செயலையும் எழுதுங்கள்: உருகி இறுகுதல், சிதைந்து படிந்து ஒட்டுதல், வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறுதல். அம்பு எந்தப் பாறையிலிருந்து கிளம்புகிறது என்பதைவிட இந்தச் செயல்தான் போய்ச் சேரும் வகையைத் தீர்மானிக்கிறது.

கோடு தெரிந்தால் படிவுப் பாறையா?

கல்லைக் கையில் கொடுத்து வகை கேட்டால் இங்கேதான் சறுக்குகிறார்கள். நைஸிலும் பட்டைகள் இருக்கும், மணற்கல்லிலும் இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். மணற்கல் அடுக்கில் தனித்தனி மணிகளும் அவற்றுக்கு இடையே இடுக்கும் தெரியும், நகத்தால் சுரண்டினால் சில மணல் மணிகள் உதிரவும் கூடும். நைஸில் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், இடுக்கே இருக்காது. மணற்கல் உருமாறிய குவார்ட்சைட்டை அடையாளம் காண உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மணற்கல் மணிகளைச் சுற்றிக்கொண்டு உடைவதால் முகம் சொரசொரப்பாக இருக்கும். குவார்ட்சைட் மணிகளையே பிளந்துகொண்டு உடைவதால் முகம் வழுவழுப்பாக இருக்கும்.

நீர்த்த அமிலச் சோதனையை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும், அது உருமாறிய பளிங்கும் நுரைக்கும், ஏனென்றால் இரண்டிலும் இருப்பது கால்சைட்தான். பளிங்கை உடைத்த இடத்தில் சர்க்கரைக் கட்டி போல மின்னும் படிகங்கள் தெரியும். சுண்ணாம்புக்கல்லில் சிப்பித் துண்டுகள் இருந்தால் இன்னும் எளிது.

எல்லாப் பாறையும் சுற்றி முடிப்பதில்லை

கடைசியாகக் காலம். லாவா காற்றில் சில நிமிடங்களில் மேல்தோல் கட்டிவிடும். படிவுகள் ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் சேர்ந்தால்கூட அடியில் உள்ள சேறு 10 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போக 1 கோடி ஆண்டுகள் ஆகும். இதை "ஒரு சுற்றுக்கு இத்தனை ஆண்டு" என்று எழுதக் கூடாது, ஏனென்றால் அப்படி ஒரு நிலையான கணக்கே கிடையாது. இன்றைய கடல் தரையின் பசால்ட் பெரும்பாலும் 20 கோடி ஆண்டுகளுக்குக் குறைவான வயதுடையது. அதைவிடப் பழையதில் பெரும்பகுதி ஏற்கெனவே தட்டுகளோடு கீழே இறங்கிவிட்டது. கனடாவின் வடமேற்கில் இருக்கும் அகாஸ்டா நைஸோ சுமார் 400 கோடி ஆண்டுகள் பழமையானது. தீப்பாறையாகத் தோன்றி, ஆழத்தில் உருமாறி, அதன் பிறகு முழுவதும் உருகவும் இல்லை, அரித்துத் தீரவும் இல்லை. உங்கள் படத்தில் அதற்கு இதுவரை ஒரே ஓர் அம்பு போதும்.