நகைக்கடன்: மாத வட்டியா, புல்லட்டா? மொத்தச் செலவைக் கணக்குப் போடும் முறை

நகையை அடகு வைக்கப் போனால் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி, கடைசியில் அசலைக் கொடுத்து நகையை மீட்பது. இன்னொன்று புல்லட் முறை: தவணை முடியும்வரை ஒன்றும் கட்ட வேண்டாம், கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டுவது. எதில் செலவு குறைவு என்று ஒரு லட்சம் ரூபாய், 12% ஆண்டு வட்டி, 12 மாதம் என்று வைத்துப் பார்ப்போம்.

படி 1: வட்டியை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள்

வட்டி எத்தனை சதவீதம் என்று எல்லோரும் கேட்கிறோம். ஆனால் புல்லட் கடனில் அதைவிட முக்கியமான கேள்வி வேறு: கட்டாத வட்டியை மாதாமாதம் அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடுகிறீர்களா? இதற்குப் பதில் தெரியாமல் கணக்குப் போட்டுப் பயனில்லை. வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல், கடன் ஒப்பந்தத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 2: இரண்டுக்கும் வட்டியைக் கணக்கிடுங்கள்

மாத வட்டி முறையில் கணக்கு சுலபம். மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. புல்லட்டில் தனிவட்டி என்றால் அதே 12,000தான். மாதாமாதம் கூட்டுவட்டி என்றால் எக்செலில் இதைத் தட்டுங்கள்:

```
=100000*(1+0.12/12)^12
```

விடை சுமார் 1,12,683. அதாவது வட்டி மட்டும் 12,683 ரூபாய். மாத வட்டியைவிட 683 ரூபாய் கூடுதல். பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு மாத வட்டிதான் லாபம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

படி 3: இரண்டையும் ஒரே தேதிக்குக் கொண்டுவாருங்கள்

மாத வட்டி கட்டுபவர் முதல் மாதமே 1,000 ரூபாயைக் கையை விட்டுக் கொடுத்துவிடுகிறார். புல்லட் எடுத்தவரிடம் அந்தப் பணம் இன்னும் இருக்கிறது. அதை அவர் மாதாமாதம் 6% வட்டி தரும் ஆர்.டி.யில் போடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் மாத ஆயிரத்துக்கு 11 மாத வட்டி, அடுத்ததற்கு 10 மாதம், இப்படியே குறைந்து கடைசி ஆயிரத்துக்கு ஒன்றுமில்லை. கூட்டினால் தோராயமாக 330 ரூபாய் வரும். மாத வட்டி கட்டுபவர் இந்த 330ஐ இழக்கிறார் என்பதால் அவருடைய உண்மையான செலவு 12,330.

இப்போது பாருங்கள். தனிவட்டி புல்லட் 12,000, மாத வட்டி 12,330, கூட்டுவட்டி புல்லட் 12,683. தனிவட்டியாகக் கிடைத்தால் புல்லட்தான் மலிவு. கூட்டுவட்டி என்றால் மாத வட்டி 353 ரூபாய் மலிவு, அவ்வளவே. அந்த ஆயிரத்தை ஆர்.டி.யில் போடாமல் செலவழித்துவிடுபவர் 330ஐக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 4: ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும்?

சில திட்டங்களில் குறைந்த வட்டி என்பது ஒவ்வொரு மாதமும் தேதி தவறாமல் கட்டினால் மட்டுமே. தவறினால் வட்டி விகிதம் ஏறும். உதாரணத்துக்கு 12% என்பது 15% ஆகிறது என்று வையுங்கள். ஒரு லட்சத்துக்கு மாதம் 250 ரூபாய் கூடுதல். இரண்டு மாதம் அப்படி ஆனால் 500. செலவு 12,830க்குப் போய், கூட்டுவட்டி புல்லட்டையே தாண்டிவிடும். மாதச் சம்பளக்காரருக்கு இது பெரிய சிக்கல் இல்லை. அறுவடைக்கோ சரக்குப் பணத்துக்கோ காத்திருப்பவர் மாத வட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

இதேபோல் புல்லட்டுக்கு வட்டி விகிதமே கூடுதலாக இருக்கலாம். 13% என்றால் மேலே உள்ள சூத்திரத்தில் 0.12க்குப் பதில் 0.13 போடுங்கள், வட்டி சுமார் 13,803 ஆகிவிடும். ஒரு சதவீதம்தானே என்று விட்டுவிடக் கூடாத இடம் இதுதான்.

படி 5: கையில் கிடைக்கும் தொகையையும் பாருங்கள்

ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளின்படி, இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85% வரை தரலாம். புல்லட் கடனில் இந்த வரம்பு, முடிவில் நீங்கள் கட்ட வேண்டிய மொத்தத் தொகைக்குப் பொருந்தும். நகை மதிப்பு 1,20,000 என்றால் வரம்பு 1,02,000. மாத வட்டி முறையில் அது முழுவதும் கிடைக்கலாம். கூட்டுவட்டி புல்லட்டில் வட்டிக்கும் இடம்விட வேண்டியிருப்பதால் 90,520 ரூபாய் அளவில் நின்றுவிடும். பணம் போதவில்லை என்று இன்னொரு வளையலையும் சேர்த்து வைக்க நேரிடலாம்.

சொந்தச் செலவுக்கான புல்லட் கடன் அதிகபட்சம் 12 மாதம்தான். முடிவில் அசலைக் கட்டப் பணம் இல்லை, மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாலும், சேர்ந்த வட்டியை முதலில் கட்டினால்தான் புதுப்பிப்பார்கள். நம் கணக்கில் அந்த நாளில் 12,683 ரூபாய் ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும்.