போட்டியாளர் தளங்களைப் பார்த்து நம் தளத்தைத் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் இயங்கும் சிறிய எண்ணெய் ஆலையொன்று செக்கு நல்லெண்ணெய், உழுந்து மா, மொட்டைக்கறுப்பன் அரிசி உட்படப் பன்னிரண்டு பொருள்களை இணையத்தில் விற்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தை அமைத்துத் தருபவர் வழக்கம்போல், "உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று தளங்களைக் காட்டுங்கள்" என்று கேட்கிறார். உரிமையாளர் கொழும்பிலுள்ள பெரிய இணைய அங்காடி ஒன்றையும், சென்னையிலிருந்து இயங்கும் இயற்கை உணவுத் தளம் ஒன்றையும் காட்டுகிறார். முதல் தவறு இங்கேயே நேர்ந்துவிடுகிறது. அந்த ஆலையிடம் எண்ணெய் வாங்காத ஒருவர் வேறு எவரிடம் போய் வாங்குவாரோ, அவரே அதன் போட்டியாளர். வெள்ளவத்தையில் இருக்கும் குடும்பத்துக்கு அது ஒரு முகநூல் பக்கமாக இருக்கலாம். ரொறன்ரோவிலிருந்து முல்லைத்தீவிலுள்ள தாய்க்குப் பொருள் அனுப்பும் மகனுக்கு அது வெளிநாட்டுப் பணத்தைப் பெற்று ஊரில் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சேவையாக இருக்கலாம்.

இவர்களைக் கண்டுபிடிக்க, கைத்தொலைபேசியில் உலாவியின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, வாங்குபவர் தட்டச்சு செய்வது போலவே தேடிப் பார்க்க வேண்டும். நம்மவர்களில் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதித் தேடுவதால், `நல்லெண்ணெய் கிளிநொச்சி` என்று தேடுவதோடு `nallennai online` என்றும் தேடுவது அவசியம். தேடுபவர் இருக்கும் இடத்தைப் பொறுத்து கூகுள் காட்டும் முடிவுகள் மாறும் என்பதால், கனடாவிலுள்ள உறவினர் ஒருவரிடம் அதே சொற்களைத் தேடி, திரையில் வருவதைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது நல்லது. ஏற்கெனவே ஆலையில் வாங்குபவர்களிடம், "இதற்கு முன் எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டால் தேடலில் தென்படாத பெயர்களும் வரும். இப்படிக் கிடைப்பவற்றில் நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆழமாகப் பார்ப்பது போதுமானது.

இரண்டாவது தவறு, ஒரு தளத்தில் இருக்கும் வசதியெல்லாம் அந்த வியாபாரத்துக்குப் பயன் தருகிறது என்று நம்புவதாகும். விருப்பப் பட்டியல், நட்சத்திர மதிப்பீடு, உடனடி உரையாடற் பெட்டி, வலைப்பதிவு போன்றவற்றில் பல, ஆயத்த வார்ப்புருவோடு சேர்ந்து வந்தவை. எவரும் யோசித்துச் சேர்த்தவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவை உயிரோடு இருக்கின்றனவா என்பதைச் சோதிக்கலாம். மதிப்பீட்டுப் பகுதியில் எந்தப் பொருளுக்கும் ஒரு கருத்துக்கூட இல்லை என்றால், வலைப்பதிவின் கடைசிப் பதிவு பல ஆண்டுகளுக்கு முந்தியது என்றால், உரையாடற் பெட்டியில் கேட்ட கேள்விக்கு இரண்டு நாளாகியும் பதில் இல்லை என்றால், அந்த வசதியை நாம் பணம் கொடுத்துச் செய்விக்கக் காரணம் இல்லை.

இதைவிடத் தெளிவான சான்று பழைய வடிவங்களில் இருக்கிறது. `web.archive.org` என்ற தளத்தில் போட்டியாளரின் முகவரியைக் கொடுத்தால், வெவ்வேறு ஆண்டுகளில் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்பதைப் பார்க்க முடியும். ஓராண்டு இருந்து பிறகு நீக்கப்பட்டதைச் சந்தேகத்தோடும், தளம் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்ட பின்னும் தொடர்ந்து வைத்திருக்கப்படுவதைக் கவனத்தோடும் நோக்க வேண்டும். ஆயினும் சிறிய தளங்களின் பிரதிகள் அங்கே குறைவாகவே இருக்கும். பணம் செலுத்தும் பக்கங்கள் பெரும்பாலும் சேமிக்கப்படுவதில்லை.

முகப்புப் பக்கத்தோடு நின்றுவிடுவதே என் பார்வையில் மிகவும் இழப்பைத் தரும் தவறு. வாங்குபவர் முகப்பில் சில நொடிகளே நிற்கிறார். அவர் குழம்புவதும் கைவிடுவதும் உள்ளேதான். ஆகவே ஒவ்வொரு தளத்திலும் ஒரே வேலையை முடித்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக, சாதாரணக் கைத்தொலைபேசியில், வைஃபை இல்லாமல் டேட்டாவில், இரண்டு போத்தல் நல்லெண்ணெயை ஒட்டுசுட்டானிலுள்ள ஒரு வீட்டுக்கு அனுப்புவதற்கான கட்டளையைப் பணம் செலுத்தும் படிக்குச் சற்று முன்வரை கொண்டு சென்று, விலை எங்கே தெரிந்தது, போத்தலின் அளவு தெரிந்ததா, அனுப்பும் செலவு எந்தப் படியில் வந்தது என்று குறித்துக்கொள்ளலாம். அனுப்பும் செலவு கடைசிப் படியில்தான் தெரிய வருகிறது என்றால், அது நாம் பின்பற்றக் கூடாத அமைப்பு. அதை நம் பொருட்பக்கத்திலேயே காட்டினால், வாங்குபவர் நம்மிடம் வருவதற்கு அதுவே ஒரு காரணமாகலாம்.

இப்படிக் கடைசிவரை போனால்தான் முகவரிப் படிவம் கண்ணில் படும். கொழும்பை மனத்தில் வைத்து அமைத்த படிவம் வீட்டிலக்கம், வீதிப்பெயர், அஞ்சற்குறியீடு ஆகிய மூன்றையும் கட்டாயமாகக் கேட்கும். வன்னியின் உட்கிராமங்களில் வீட்டிலக்கம் இல்லாத வீடுகள் பல உண்டு. "குளக்கட்டால் இறங்கி, பிள்ளையார் கோயிலடியில் வலப்பக்கம் மூன்றாவது வீடு" என்பதே வேலை செய்யும் முகவரி. கட்டாயப் பெட்டியில் எதையாவது நிரப்பாமல் மேலே போக முடியாததால், வாங்குபவர் பூச்சியத்தையோ கோட்டையோ போட்டு நகர்கிறார். பிறகு கூரியர் ஊழியர் சந்தியில் நின்று தொலைபேசி எடுக்கிறார்; கட்டளையில் இருப்பதோ கனடாவில் தூங்கிக்கொண்டிருக்கும் மகனின் இலக்கம். இந்தப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் பொருள் திரும்பி வரும். ஆலையின் படிவத்தில் கிராம சேவகர் பிரிவு, அடையாளம் சொல்லும் இடம், பொருளைப் பெறுபவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவை இருக்க வேண்டும். வீட்டிலக்கம் விருப்பத்துக்கு விடப்பட வேண்டும். பணம் செலுத்துபவரும் பொருளைப் பெறுபவரும் வேறு வேறு ஆட்கள் என்ற எண்ணத்திலேயே அந்தப் பக்கம் அமைய வேண்டும்.

தொனியைப் பொறுத்தவரை, ஒரு தளத்தைப் பார்த்து "அழகாக எழுதியிருக்கிறார்கள்" என்று அதன் நடையைக் கடன் வாங்குவது வழக்கமாகிவிட்டது. "பாரம்பரியத்தின் சுவை", "இயற்கையின் வரம்" போன்ற தொடர்கள் எல்லாத் தளங்களிலும் இருக்கின்றன. அவற்றைப் படித்து எவரும் போத்தலைக் கூடையில் போடுவதில்லை. போட்டியாளரின் முகநூல் இடுகைகளுக்குக் கீழே மக்கள் எழுதும் கேள்விகளைப் படிப்பது இதைவிடப் பயனுள்ளது. விலை என்ன, வவுனியாவுக்கு அனுப்புவீர்களா, எள்ளு எங்கே விளைந்தது, எண்ணெய் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பனவே அங்கே திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லும் வசனங்கள் ஆலையின் தளத்துக்கு உரிய தொனியைத் தாமாகவே தந்துவிடும். அடுத்தவரின் வசனங்களையும் படங்களையும் பிரதி செய்வது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் உரிமை மீறலாகலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

கட்டமைப்பில் பொதுவாக நேர்வது, நூற்றுக்கணக்கான பொருள்கள் உள்ள அங்காடியின் பிரிவுகளையும் வடிகட்டிகளையும் பன்னிரண்டு பொருள்களுக்குப் பொருத்துவது. பன்னிரண்டும் ஒரே பக்கத்தில் அடங்கும்.

பார்த்தவற்றைப் பதிவு செய்யும் அட்டவணையில் "இருக்கிறது, இல்லை" என்று குறியிடும் வழக்கமும் தவறான முடிவுக்கே கொண்டுபோகும்; அதில் அதிகக் குறி பெற்ற வசதி தானாகவே தேவையானதாகத் தோன்றிவிடும். நான்கு நிரல்களை வைத்துக்கொள்ளலாம்: வசதி, அது எந்த வாங்குபவரின் எந்தக் கேள்விக்குப் பதிலளிக்கிறது, அது பயன்படுவதற்கு நாம் கண்ட சான்று, நமது முடிவு. ஆலையின் அட்டவணையில் வெளிநாட்டு அட்டையால் பணம் செலுத்தும் வசதிக்கு முதல் மூன்று நிரல்களும் நிரம்புவதால் முடிவு "இப்போதே". வட்ஸ்அப் பொத்தானுக்கும் அவ்வாறே. விருப்பப் பட்டியலுக்கு இரண்டாம் நிரலே வெறுமையாக இருப்பதால் "வேண்டாம்". சந்தா முறையில் மாதந்தோறும் எண்ணெய் அனுப்புவதற்குக் கேள்வி உண்டு, சான்று இல்லை. அதற்குப் "பிறகு" என்று எழுதலாம்.

ஒரு போட்டியாளர் தம் தளத்தால் எவ்வளவு விற்கிறார் என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. அதனால் "இப்போதே" என்ற வரிகளை மட்டும் கொண்டு தளத்தைத் திறந்து, முதல் சில வாரங்களில் தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகளை அதே அட்டவணையில் சேர்த்த பின்னரே, "பிறகு" என்று எழுதிய வரிகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.