கோயில் ஊருக்குப் பலகை வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கும்பகோணத்தை முன்வைத்து

வழிகாட்டிப் பலகை வேலை என்றால் பெரும்பாலும் முதலில் கிளம்புவது டிசைன்தான். என்ன நிறம், என்ன லோகோ, எத்தனை பலகை என்று பேசி முடிப்பார்கள். கடைசியில்தான் எங்கே நடுவது, என்ன எழுதுவது என்ற கேள்வி வரும். முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது.

நான் இந்த வேலையில் கற்றுக்கொண்ட ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். எதையும் எழுதுவதற்கு முன் ஒரு வாரம் செருப்பு விடும் இடத்தில் போய் உட்கார வேண்டும். கோயிலுக்கு வருகிற எல்லோரும் கட்டாயம் நிற்கிற இடம் அதுதான். செருப்பைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடமும் பக்கத்தில் பூ விற்பவரிடமும் வெளியூர்க்காரர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். நடை எப்போது சாத்துவார்கள், கழிப்பறை எங்கே, அடுத்த கோயிலுக்கு நடந்தே போகலாமா, வண்டியை எங்கே விடுவது: பக்கம் பக்கமாக இவைதான் வரும். கோயிலை எந்த ராஜா கட்டினார் என்பது எப்போதாவது ஒரு கேள்வி. பலகையிலோ முக்கால்வாசி இடம் ராஜாவுக்குப் போகிறது, கழிப்பறைக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

தகவல் மையத்துக்கும் இதே இடம் பொருந்தும். பணம் ஒதுக்கித் தனிக் கட்டடம் எழுப்பினால், அதைப் பராமரிக்க வாடகை வேண்டும் என்று ஒரு மூலையில் கடை வரும். பிறகு டூர் பேக்கேஜ் மேசை வரும். இரண்டு வருடத்தில் வரைபடம் வேண்டுமென்றால் பொம்மைகளைத் தாண்டித்தான் போய்க் கேட்க வேண்டியிருக்கும். தாராசுரம் போன்ற இடத்தில் கட்டடத்துக்குச் சட்டமே குறுக்கே நிற்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். இது தெரியாமல் படம் போட்டுவிட்டுப் பிறகு மாற்றுகிறார்கள். செருப்பு விடும் இடத்துக்கு ஒரு நல்ல நிழல், உட்கார ஒரு திண்ணை, குடிதண்ணீர், சுவரில் ஒரு வரைபடம், அங்கே இருப்பவருக்கு ஒரு நாள் பயிற்சியும் மாதச் சம்பளமும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல தகவல் மையம் இல்லை.

பெயர் வைப்பதில் வரும் தவறு

நடைப்பாதை ஒன்றை வகுத்ததும் அதற்கு ஒரு பிராண்டுப் பெயர் வைக்க ஆசை வரும். ‘தெய்வீகப் பாதை’, ‘ஆன்மிக உலா’ என்று எந்த ஊருக்கும் பொருந்துகிற பெயராக இருக்கும். கும்பகோணத்துக்கு அது தேவையே இல்லை. மகாமகக் குளத்தின் வடகரையில் உள்ள காசி விசுவநாதர் கோயிலுக்குத் தேவாரப் பெயர் குடந்தைக் காரோணம். அங்கிருந்து மேற்கே வந்தால் நாகேசுவரன் கோயில், அது குடந்தைக் கீழ்க்கோட்டம். இன்னும் மேற்கே ஆதி கும்பேசுவரர் கோயில், அது குடமூக்கு. மூன்று பாடல் பெற்ற தலங்களும் கிழக்கிலிருந்து மேற்காக ஒரே நடையில் வருகின்றன. நடுவில் சாரங்கபாணி கோயிலும் அதன் பின்னால் பொற்றாமரைக் குளமும் இருக்கின்றன. சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. தெருக்களை வளைந்து வந்தாலும் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பலகையில் காரோணம், கீழ்க்கோட்டம், குடமூக்கு என்ற மூன்று பெயரைப் பெரிதாகப் போட்டு, இன்று வழங்கும் பெயரைக் கீழே போட்டால் போதும். ஊர்ப் பையனுக்கே அது புதுச் செய்தியாக இருக்கும்.

இந்த நடையை வரைபடத்தில் மட்டும் பார்த்து வகுத்தால் இன்னொரு தவறு வரும். காலை பத்து மணிக்குத் தொடங்குவது போல நேரம் போட்டிருப்பார்கள். மூன்றாவது கோயிலுக்கு வரும்போது உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தியிருக்கும், திறக்கச் சாயங்காலம் ஆகும். அதற்குள் பிரகாரத்துக் கருங்கல் வெறுங்காலில் நிற்க முடியாதபடி சுட்டுவிடும். சித்திரை வெயிலில் ஒரு குழந்தை அந்தக் கல்லில் குதித்துக் குதித்து ஓடுவதைப் பார்த்தவர்கள் இப்படி நேரம் போட மாட்டார்கள். காலை ஆறரைக்குக் குளக்கரையில் தொடங்க வேண்டும், இல்லையென்றால் மாலை நாலரைக்கு. ஒவ்வொரு கோயிலுக்குள்ளும் அரை மணி நேரமாவது வையுங்கள். சாத்தியிருக்கும் நேரத்தில் வருபவர்களுக்கு நினைவில்லம், பாத்திரக்கடைத் தெரு, காவிரிப் படித்துறை என்று நிழலும் வேலையும் நடக்கும் இடங்களைக் காட்டுங்கள். ஆனால் மக்கள் குடியிருக்கும் தெருவைக் காட்சிப் பொருளாகப் பாதையில் சேர்க்காதீர்கள். திண்ணையில் படுத்திருக்கும் பெரியவரைப் படம் எடுக்க ஒரு பலகை அனுமதி கொடுத்துவிடக் கூடாது.

எழுதுவதில் வரும் தவறு

நாகேசுவரன் கோயிலுக்கு ஒரு பலகை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் வாசகம் இப்படி இருக்கும்: “இத்திருக்கோயில் மிகவும் பழமை வாய்ந்தது. சோழர்களால் கட்டப்பட்டது. சிற்பக் கலைக்குப் பெயர் பெற்றது.” இதை எந்தக் கோயிலில் கொண்டுபோய் வைத்தாலும் பொருந்தும். படித்தவருக்குப் பார்ப்பதற்கு ஒரு வேலையும் கிடைக்காது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “கருவறையின் வெளிச்சுவரை வலமாகச் சுற்றி வாருங்கள். மாடங்களில் தெய்வ வடிவங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அருகிலேயே மனித வடிவங்களும் இருக்கின்றன, ஆண்களும் பெண்களும். யாருக்கும் பெயர் பொறிக்கவில்லை. அவர்கள் நிற்கும் நிலையையும் கொண்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முற்காலச் சோழர் பணி, 9-ஆம் நூற்றாண்டின் இறுதி.” முப்பது வார்த்தை சொச்சம்தான். பார்வையைச் சுவருக்கு அனுப்பிவிட்டுப் பலகை ஒதுங்கிக்கொள்கிறது. காலத்தைச் சொல்லும் வரி கடைசியில் வருகிறது, ஏனென்றால் பார்த்த பிறகுதான் ‘இது எப்போது செய்தது?’ என்று கேட்கத் தோன்றும்.

புராணத்தையும் வரலாற்றையும் ஒரே வாக்கியத்தில் கலப்பது இதைவிடப் பெரிய பிழை. பிரளயத்தில் மிதந்து வந்த அமுதக் கும்பம் இங்கே தங்கியது, சிவன் வேடனாக வந்து அம்பெய்தார், அமுதம் சிந்திய இடம் குளமானது என்பது ஊரின் தலபுராணம். குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களை எழுப்பியவராக அறியப்படுபவர் தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர். இரண்டும் பலகையில் வரட்டும். முதலாவதை “தலபுராணம் சொல்வது” என்று தொடங்கி ஒரு பத்தியாகவும், இரண்டாவதைத் தனிப் பத்தியாகவும் வையுங்கள். புராணத்தை “கட்டுக்கதை” என்று எழுதி வணங்க வந்தவர் மனத்தைப் புண்படுத்த வேண்டாம், அம்பு விழுந்ததை ஆண்டு போட்டு எழுதவும் வேண்டாம். சித்திரை 11, 12, 13 தேதிகளில் நாகேசுவரன் கோயிலில் சூரிய ஒளி லிங்கத்தின் மேல் விழும் என்பதை எழுதும்போதும் இதே நிதானம் வேண்டும். மேலே ‘அதிசயம்’ என்று தலைப்புப் போட்டால் அந்த மூன்று நாளும் கூட்டம் நெரியும். கிழக்கு வாசலிலிருந்து கருவறை வரை வெளிச்சம் எப்படி வருகிறது என்று ஒரு கோட்டுப் படம் போட்டால் வருடம் முழுவதும் நின்று பார்ப்பார்கள்.

கியூஆர் கோடு பற்றி ஒரு வார்த்தை. கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அப்படியிருக்க, மூலவர் மண்டபத்துத் தூணில் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டுவதில் அர்த்தம் இல்லை. ஒட்டவே வேண்டும் என்றால் வாசலுக்கு வெளியே வையுங்கள். அது திறக்கும் பக்கத்தில் ஹோட்டல் விளம்பரம் வரக் கூடாது.

நடும் இடத்தில் வரும் தவறு

ஒரு சிறிய ஊரில் நாங்கள் நட்ட பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடவீதி முனையில், நாலு பக்கமும் தெரிகிற இடம் என்று தேர்ந்தெடுத்து, இரும்புக் கம்பத்தை கான்கிரீட்டில் இறக்கினோம். தேருக்குப் பத்து நாள் முன்பு, தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். கம்பத்திலிருந்து வீதிக்குள் ஆறு எட்டு வைத்து நின்றார். “தம்பி, தேர் இங்கதான் திரும்பும். சக்கரம் போயிடும், ஆனா மேல கட்டுற தட்டும் துணியும் வெளியே தள்ளிக்கிட்டு வரும். இதுல மாட்டும்” என்றார். மறுநாளே கம்பத்தை அறுத்தோம். அந்தக் கான்கிரீட்டை உடைக்க ஒரு நாள் முழுவதும் ஆனது. சாரங்கபாணி கோயில் சித்திரைத் தேர் போல ஒரு பெரிய தேர் ஓடும் வீதியில் இதைப் பற்றி யோசிக்காமல் ஒரு கம்பம்கூட நடக் கூடாது. தரைமட்டத்தில் ஒரு குழாயைப் புதைத்து, அதில் கம்பத்தைச் செருகிப் பூட்டினால் திருவிழாவுக்கு உருவி எடுத்துவிடலாம். வடம் பிடிப்பவர்கள், முட்டுக்கட்டைக்காரர்கள், சாமியைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள், மின்வாரிய லைன்மேன் நால்வரையும் ஒரு மாலை வீதியில் நடத்திக் கூட்டிப்போய்க் கேட்டாலே இடம் தெரிந்துவிடும்.

கோபுரத்துக்கு நேர் எதிரே ஆளுயரப் பலகை நிற்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். பதினோரு நிலைக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்க வந்தவருக்கு முதலில் படுவது இரண்டு தலைவர்களின் படம். விளக்கப் பலகை இடுப்புயரத்தில், சாய்வாக, எழுதும் மேசை போல இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருபவரும் சிறுவரும் படிக்கலாம், கோபுரமும் மறையாது. தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் நெருங்கி வருவதால் ஆங்கிலத்துக்குப் போதும் என்கிற அளவில் தமிழை அச்சிட்டால் வயதானவர்களுக்குப் படிக்க முடியாது, தமிழை ஒரு சுற்றுப் பெரிதாக வையுங்கள். மினுங்கும் ஸ்டீல் தகடு வெயிலில் கண்ணைக் கூசும், ஃபிளெக்ஸ் வெளுத்துக் கிழியும். சுவரில் துளை போடவே கூடாது, அந்த இடத்தில் கல்வெட்டு இருக்கலாம்.

உபயதாரர் பெயரைப் பற்றிக் கோயில் சுவரே பாடம் சொல்கிறது. டியூப்லைட்டின் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ எழுதுவதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். சோழர் காலத்தில் விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் பெயரும் நிலம் கொடுத்தவர் பெயரும் பொறிக்கப்பட்டன. பல இடங்களில் சுவரின் அடிப்பகுதியான அதிட்டானத்து வரிகளில், சிற்பத்தின் மேல் ஏறாமல், ஒரே அளவு எழுத்தில். பலகைக்குப் பணம் தரும் நிறுவனத்துக்கும் அதே இடம் போதும்: கீழ் விளிம்பில் ஒரு வரி, லோகோ இல்லாமல். ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடுங்கள். பிறகு பேசினால் நடக்காது.

அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. 1992-இல் அந்தக் குளக்கரையில் நெரிசலில் உயிர்கள் போயின. இப்போது கரையில் நடப்படும் ஒவ்வொரு கம்பமும் பெஞ்சும் அன்றைக்குக் கூட்டத்தின் வழியில் நிற்கும். ஆகவே குளத்தைச் சுற்றி வைக்கிற எதுவும் ஒரே இரவில் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி, அது யாரிடம் இருக்கிறது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.