பத்து விழுக்காடு என்று எழுதுவதற்கு முன்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பொது மண்டபக் கூரையை மாற்ற மானியம் கேட்டோம். குத்தகையாளர் சொன்ன விலை 80,000 வெள்ளி. அதன் கீழே "எதிர்பாராச் செலவு 10 விழுக்காடு, 8,000 வெள்ளி" என்று ஒரு வரி சேர்த்தோம். "ஏன் பத்து?" என்று பரிசீலனைக் குழு கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

சரி, ஆபத்துகளைக் கணக்கிட்டே எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். அப்போதுதான் அடுத்த தவறு. விதானப் பலகைக்கு மேலே இருபது கைமரங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்றை மாற்ற 500 வெள்ளி. எல்லாம் உளுத்திருந்தால் 10,000. அதற்கு வாய்ப்பு பாதி என்று வைத்து 5,000 ஒதுக்கினோம். இப்படிச் சராசரி எடுப்பது, சின்னச் சின்ன ஆபத்துகள் பல இருக்கும் வேலைக்குப் பொருந்தும். ஒன்றில் மிஞ்சுவது இன்னொன்றுக்கு உதவும். ஒரே பெரிய ஆபத்து என்றால் அப்படி இல்லை. மரம் நன்றாக இருந்தால் 5,000 சும்மா கிடக்கும், உளுத்திருந்தால் பாதிக் கூரையில் வேலை நின்றுவிடும்.

இந்த மாதிரி சந்தேகத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். 400 வெள்ளி கூலிக்கு, பீலி ஒழுகிய சுவர்ப் பக்கம் பலகைகளைக் கழற்றினோம். பன்னிரண்டு கைமரங்கள் தெரிந்தன, ஆறில் கரையான். அந்த 3,000 வெள்ளி இனி எதிர்பாராச் செலவு அல்ல, தெரிந்த செலவு. அதனால் வேலைப் பட்டியலுக்கே போனது, மொத்தம் 83,000 ஆனது. பார்க்காத எட்டும் ஒழுகாத நடுப்பகுதியில் இருப்பவை. அவற்றில் நான்கு கெட்டிருக்கலாம் என்று 2,000 வைத்தோம். அக்டோபர் மழையில் தார்ப்பாயும் கூடுதல் கூலியும் 1,500. ஆக 3,500, நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

தகரம் விலை ஏறுமே என்பதற்கும் இதிலிருந்தே எடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அது வேண்டாம். மானிய முடிவு வர ஐந்து மாதம் ஆகும், விலைப்புள்ளியோ இரண்டு மாதம்தான் செல்லும் என்றால், முடிவு வரும்வரை செல்லும் விலையைக் கேட்டு வாங்கி முதன்மைத் தொகையில் போடுங்கள். குத்தகையாளர் தன் விலைக்குள் ஏற்கெனவே இப்படி ஒதுக்கியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஒதுக்கியிருந்தால், நீங்களும் கேட்பது ஒரே ஆபத்துக்கு இரண்டு முறை பணம் கேட்டதாகும்.

"இதர செலவு" என்ற பெயரிலோ, சிமெண்டு விலையை ஏற்றியோ ஒளித்து வைக்காதீர்கள். விலைப்புள்ளியோடு ஒப்பிடுபவர் கண்டுபிடித்துவிட்டால், மற்ற எண்களையும் சந்தேகப்படுவார். நாங்கள் கடைசியில் எழுதியது இதுதான்:

"3,500 வெள்ளி: திறந்து பார்க்காத எட்டுக் கைமரங்களில் நான்கு வரை மாற்ற 2,000, மழைக்காலப் பாதுகாப்புக்கு 1,500. படமும் குத்தகையாளர் கடிதமும் கிடைத்த பிறகு, தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே எடுக்கப்படும். மின்விசிறி, வர்ணம் போன்ற புதிய வேலைகளுக்குப் பயன்படாது. மீதி திருப்பித் தரப்படும்."